"பார்த்துவிட்டு வரவும்" என்று எழுதியும் யாரும் பார்க்காமல் வந்தால்: முன்குறிப்பில் எங்கே பிழை?

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றுக்கு நான் கணக்கும் கடிதமும் பார்க்கிறேன். கமிட்டியில் பன்னிரண்டு பேர். இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் பிரசன்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூடவே ஒரு சின்ன முன்குறிப்பும் எழுதுவது என் வேலை. பல கூட்டங்கள் வரை அந்தக் குறிப்பு ஒரு பிரயோஜனமும் இல்லாமல்தான் இருந்தது. எங்கே கெட்டது, எப்படித் தெரிந்தது, என்ன மாற்றினேன் என்பதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கூட்டத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கிருந்து படிக்கலாம்.

உதாரணம் எல்லாவற்றுக்கும் ஒரே பிரசன்டேஷன்தான். எங்களுக்கு நான்கு ஊர்களில் நான்கு எடைக் கொட்டகைகள். காலையில் பறித்த இலை சாக்கில் கிடந்து, சாயங்காலம் ஒரே நடையில் பிக்கப்பில் பேக்டரிக்குப் போகும். சாக்கில் அமுக்கிக் கட்டிய இலை மணிக்கணக்கில் கிடந்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். பேக்டரியில் அதற்குக் கிலோக் கணக்கில் கழிப்பார்கள். மதியம் இன்னொரு நடை விட்டால் கழிவு குறையுமா என்பதுதான் கேள்வி. அதற்கு நான் 16 ஸ்லைடு போட்டிருந்தேன்.

அறிகுறி 1: நீல டிக் விழுந்திருக்கிறது, கூட்டத்தில் கேட்டால் "பார்த்தேன்" என்கிறார்கள், ஆனால் ஒன்றும் நினைவில் இல்லை

முதலில் நான் அனுப்பிய குறிப்பைப் பாருங்கள்:

> வணக்கம். ஞாயிறு கூட்டத்துக்கான பிபிடி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அனைவரும் பார்வையிட்டு தங்கள் மேலான கருத்துகளுடன் வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் எதற்காகப் பார்க்க வேண்டும் என்பது அதில் எங்கும் இல்லை. என்ன முடிவு எடுக்கப் போகிறோம், எந்த ஸ்லைடு முக்கியம், எவ்வளவு நேரம் ஆகும் என்ற மூன்றும் இல்லாதபோது, நாள் முழுக்கத் தோட்டத்தில் நின்றுவிட்டு வந்த மனிதர் என்ன செய்வார்? திறப்பார், விரலால் மேலே தள்ளுவார், கடைசி ஸ்லைடில் "நன்றி" என்று வந்ததும் மூடிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்வது சுலபம். குறிப்பின் முதல் வரியில் முடிவைக் கேள்வியாக எழுதுங்கள். "தேயிலைக் கழிவு குறித்து" என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தேட முடியாது. "ஐப்பசி, கார்த்திகையில் பிக்கப் மதியமும் ஒரு நடை போக வேண்டுமா?" என்று எழுதினால் படிப்பவருக்குத் தன் வேலை என்னவென்று தெரிந்துவிடும். இரண்டாவது வரியில், பார்த்தே ஆக வேண்டிய ஸ்லைடுகளின் எண்ணும் ஆகும் நேரமும். நான் 5, 9, 12 என்று மூன்றைத்தான் சொன்னேன். மற்ற பதின்மூன்றும் எதற்கு என்று கேட்கலாம். கணக்கைச் சரிபார்க்க நினைப்பவருக்கு அவை வேண்டும். எல்லாமே முக்கியம் என்று சொன்னால் ஒன்றையும் படிக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

நீளம் போனில் ஒரே திரைக்குள். "மேலும் படிக்க" என்று மடங்கிவிட்டால் மடங்கிய பகுதி இல்லாததற்குச் சமம். முடிவும் ஸ்லைடு எண்ணும் மடிப்புக்கு மேலே இருக்க வேண்டும்.

அறிகுறி 2: எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிரசன்டேஷனே தேவையில்லை

இதுதான் ஆளை ஏமாற்றும் அறிகுறி. கூட்டம் கலகலப்பாக நடக்கும். குறிப்பு வேலை செய்துவிட்டது என்று நமக்கும் தோன்றும். அடுத்த முறை நான் கேள்விகளும் சேர்த்து அனுப்பியிருந்தேன். அதில் ஒன்று: "இரண்டாம் நடை பற்றி உங்கள் கருத்து என்ன?" அவ்வளவுதான், ஒரு மணி நேரம் போனது. டீசல் விலை, டிரைவர் கிடைக்காதது, பேக்டரிக்காரர்கள் எடையில் செய்வது, பத்து வருஷத்துக்கு முன்னால் பச்சை இலைக்குக் கிடைத்த விலை. ஒருவர்கூட ஒரு ஸ்லைடைச் சுட்டவில்லை.

கேள்வியை அனுப்புமுன் இரண்டு சோதனை வையுங்கள்.

முதல் சோதனை: கோப்பைத் திறக்காமலே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது கருத்துக் கேட்பு. "உங்கள் கருத்து என்ன" இதில் விழுந்துவிடும்.

இரண்டாவது சோதனை: கோப்பை மட்டும் வைத்தே பதில் சொல்லிவிட முடியுமா? முடியும் என்றால் அது பள்ளிக்கூடப் பரீட்சை. "ஸ்லைடு 9-இன்படி எந்தக் கொட்டகையில் கழிவு அதிகம்?" என்று கேட்டால் பதில் அங்கேயே எழுதியிருக்கிறது. அறுபது வயது ஆளிடம் இப்படிக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும், நியாயம்தான். அவர் சொல்லும் பதிலில் நமக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

இரண்டு சோதனைக்கும் "முடியாது" என்று பதில் வரும் கேள்விதான் உதவும். அதற்கு ஸ்லைடையும் பார்க்க வேண்டும், பார்ப்பவர் தன் ஊரில் கண்டதையும் சேர்க்க வேண்டும். அப்படிப்பட்ட கேள்வியை எங்கே தேடுவது? பிரசன்டேஷன் போட்டவருக்கே விடை தெரியாத இடத்தில். என் ஸ்லைடு 9 கொட்டகைவாரியான கழிவு அட்டவணை. பேக்டரி சீட்டில் கழிவு என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு, எத்தனை கிலோ என்று மட்டும் இருக்கும். சூட்டுக்காகக் கழித்தார்களா, ஈரத்துக்காகவா, முற்றின இலைக்காகவா என்று இருக்காது. நான் எல்லாவற்றையும் சூடு என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அது என் ஊகம். ஊகம் இருக்கும் இடத்தில்தான் கேள்வி வைக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அதனால் ஒவ்வொரு கொட்டகையின் வரிசையிலும் கழிவு மிக அதிகமான மூன்று நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டேன். கேள்வியை இப்படி மாற்றினேன்: "ஸ்லைடு 9-இல் உங்கள் கொட்டகை வரிசையில் வட்டமிட்ட மூன்று நாட்கள். அந்த நாட்களில் அங்கே என்ன நடந்தது?"

இதில் கவனிக்க வேண்டியது "உங்கள் கொட்டகை" என்ற சொல். பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்து ஒரே பதிலைச் சொல்லும் கேள்வியால் பன்னிரண்டு பேரைக் கூட்டிய பயன் இல்லை. ஒரே ஸ்லைடுதான், ஆனால் அவரவர் வரிசை அவரவருக்கு.

அறிகுறி 3: எல்லாவற்றுக்கும் "சரி" என்கிறார்கள்

கேள்வியைப் படித்துப் பாருங்கள். அதிலேயே உங்கள் விடை ஒட்டிக்கொண்டிருக்கும். "இரண்டாம் நடை விட்டால் கழிவு குறையும் அல்லவா?" என்று நான் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால் எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு போலாகிவிடும். எங்கள் பக்கம் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் "சரிதானே" என்று சொல்லிவிட்டால் இளையவர்கள் வாய் திறப்பதில்லை. குறிப்பும் அப்படி ஒரு பெரியவராகிவிடக் கூடாது.

மாற்று வழி, ஆமாம் இல்லை என்று முடியாமல் ஒரு எண்ணில் முடிகிற கேள்வி. ஸ்லைடு 12-இல் செலவும் மிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சீசனில் சராசரியாக ஒரு நாளைக்கு 2,400 கிலோ இலை, அதில் 120 கிலோ கழிவு. கிலோ 20 ரூபாய் என்று போட்டால் 2,400 ரூபாய் நட்டம். இரண்டாம் நடைக்குச் செலவு 1,500 ரூபாய். கழிவு மொத்தமும் நின்றுவிட்டால் 900 ரூபாய் மிச்சம். இதைக் காட்டி "சரியா?" என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள். நான் கேட்டது: "நாளொன்றுக்கு மிச்சம் எவ்வளவுக்குக் கீழே போனால் இது வேண்டாம் என்பீர்கள்?" வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் இதற்கு ஒரு எண் சொல்லியாக வேண்டும். 300 என்றார் ஒருவர். இன்னொருவர் 700-க்குக் குறைந்தால் அலைச்சலுக்குக் கட்டாது என்றார். இரண்டு பேருமே "சரி" கூட்டத்தில் இருந்தவர்கள்தான்.

அறிகுறி 4: கேட்டதற்கெல்லாம் நல்ல பதில் வருகிறது, கேட்காத பெரிய ஓட்டையை ஒருவரும் பார்க்கவில்லை

இது கேள்விகள் நன்றாக அமைந்த பிறகுதான் வரும். கேள்வி ஒரு டார்ச் லைட் மாதிரி. வெளிச்சம் விழாத இடம் முன்னைவிட இருட்டாகிவிடும். இதற்கு ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் எர்ன்ஸ்ட் ராத்காப் 1966-இல், படிக்கும் பகுதிக்கு முன்னால் கேள்வி வைப்பதையும் பின்னால் வைப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முன்னால் கேள்வி பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்விக்கான செய்தி நன்றாகப் பதிந்தது. கேட்கப்படாத மற்ற செய்திகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பகுதியைப் படித்த பின் கேள்வி பார்த்தவர்களுக்கு மற்ற செய்திகளிலும் கொஞ்சம் பலன் இருந்தது.

முன்குறிப்பு என்பதே முன்னால் வைக்கும் கேள்விதான், அதனால் இந்தக் குறை அதன் பிறப்பிலேயே உண்டு. முழுக்க நீக்க முடியாது. குறைக்க நான் செய்வது இரண்டு. கேள்விகளை மூன்றோடு நிறுத்துகிறேன். ஆறு ஏழு போனால் ஸ்லைடைப் படிப்பதை விட்டுவிட்டுக் கேள்விக்கு விடை தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். நாலாவதாக ஒரு திறந்த கேள்வி வைக்கிறேன். அதையும் "வேறு ஏதாவது?" என்று வைப்பதில்லை, அதற்கு "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "மேலே கேட்காத, உங்களை உறுத்திய ஒரு ஸ்லைடு எது?" என்று கேட்கிறேன். ஒன்றைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்னும்போது இன்னொரு தடவை புரட்டுவார்கள்.

இத்தனைக்கும் பிறகு நான் அனுப்பிய குறிப்பு இது:

> ஞாயிறு காலை 10 மணி. முடிவு செய்ய வேண்டியது: ஐப்பசி, கார்த்திகையில் பிக்கப் மதியமும் ஒரு நடை போக வேண்டுமா?
>
> 16 ஸ்லைடில் 5, 9, 12 மட்டும் பார்த்தால் போதும். பத்து நிமிடம் ஆகும். மற்றவை கணக்குச் சரிபார்க்க.
>
> 1. ஸ்லைடு 9, கொட்டகைவாரிக் கழிவு: உங்கள் கொட்டகை வரிசையில் வட்டமிட்ட மூன்று நாட்கள். அன்று அங்கே என்ன நடந்தது?
>
> 2. ஸ்லைடு 5, வண்டிச் செலவு: இதில் நாங்கள் விட்ட செலவு எது?
>
> 3. ஸ்லைடு 12, செலவும் மிச்சமும்: நாளொன்றுக்கு மிச்சம் எவ்வளவுக்குக் கீழே போனால் வேண்டாம் என்பீர்கள்?
>
> 4. மேலே கேட்காத, உங்களை உறுத்திய ஒரு ஸ்லைடு எது?
>
> பதில் எழுதி அனுப்ப வேண்டாம். மனதில் வைத்துக்கொண்டு வந்தால் போதும்.

கடைசி வரி வேண்டுமென்றே வைத்தது. குழுவில் முதல் ஆள் பதில் போட்டுவிட்டால் மற்றவர்கள் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டாவது கேள்வியில் "விட்ட செலவு ஏதாவது உண்டா?" என்று கேட்காமல் "எது?" என்று கேட்டதும் தெரிந்தே செய்ததுதான்.

அறிகுறி 5: "ஸ்லைடு 9-இல் படம்தானே இருக்கு?"

குறிப்பு எழுதிய பிறகு நீங்கள் நடுவில் ஒரு ஸ்லைடு சேர்த்திருக்கிறீர்கள். எண் ஒன்று தள்ளிப்போய்விட்டது. எண்ணோடு தலைப்பையும் எழுதினால் இது பாதி தீரும். மேலே "ஸ்லைடு 9, கொட்டகைவாரிக் கழிவு" என்று எழுதியது அதனால்தான். மீதிப் பாதிக்கு, குறிப்பு போன பிறகு கோப்பைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் புதிய ஸ்லைடைக் கடைசியில் சேருங்கள். இன்னொன்று: கோப்பை மட்டும் யாராவது ஃபார்வர்டு செய்தால் குறிப்பு பின்தங்கிவிடும். அதனால் குறிப்பையே பிடிஎஃப்பின் முதல் பக்கமாகவும் வைத்துவிடுகிறேன். அட்டைப் பக்கமாக வைத்து அதற்கு எண் போடாமல் விடுங்கள், இல்லையென்றால் அதுவே எண்ணைத் தள்ளிவிடும்.

அறிகுறி 6: பாதிப் பேருக்குக் கோப்பு திறக்கவே இல்லை

மலையில் இது சகஜம். சரிவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் சிக்னல் வீட்டு வாசலில் உண்டு, அடுக்களையில் இல்லை. கேள்வியில் வரும் மூன்று ஸ்லைடுகளை மட்டும் தனித்தனிப் படமாக அனுப்பிவிடுங்கள். போன் திரையில் அட்டவணை எழுத்து தெரிகிறதா என்று உங்கள் போனிலேயே ஒருமுறை பாருங்கள்; லேப்டாப்பில் தெரிவதை நம்பாதீர்கள். படிக்கச் சிரமப்படும் பெரியவர் இருந்தால் நாலு கேள்வியையும் குரல் பதிவாகப் போடலாம். எங்கள் கமிட்டியில் பலருக்கு வீட்டில் படுக மொழிதான். அதனால் குரல் பதிவை அந்த மொழி பேசும் ஒருவரிடம் கொடுத்து எடுக்கிறோம்.

அப்படியும் முடியாவிட்டால் கூட்டத்திலேயே முதல் பத்து நிமிடம் அச்சிட்ட தாளைக் கொடுத்து மௌனமாகப் படிக்க வைக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமேசான் நிறுவனத்தில் 2004-இல் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, எழுதிய குறிப்பைக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து படிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். முன்னாலேயே படித்துவிட்டு வருவார்கள் என்று அவர்களே நம்பவில்லை.

அறிகுறி 7: எல்லோரும் படித்துவிட்டு வந்தார்கள், அடுத்த முறை படிக்கவில்லை

இதில் தப்பு குறிப்பில் இல்லை, கூட்டத்தை நடத்துபவரிடம். படித்துவிட்டு வந்தவர்கள் முன்னால் ஸ்லைடு 1-இலிருந்து வரிவரியாக வாசித்துக் காட்டினால், படித்ததற்குக் கிடைத்த கூலி அதுதானா என்று நினைப்பார்கள். எங்கள் தலைவர் அண்ணனுக்கு முதல் ஸ்லைடிலிருந்து சொல்லாவிட்டால் திருப்தி இருக்காது. அவரிடம் முன்னாலேயே பேசி, எடுத்த எடுப்பில் ஸ்லைடு 9-ஐ சுவரில் போட்டு, "வட்டம் போட்ட நாள்ல என்ன ஆச்சு? ஒவ்வொரு கொட்டகையா சொல்லுங்க" என்று மட்டும் கேட்கச் சொன்னோம்.

மூன்றாவது ஆளாக மேல் ஊர் அக்கா பேசினார். அவர் கொட்டகையின் கழிவு மட்டும் நாளைக்கு 50 கிலோ; நான்கில் அதுதான் அதிகம்.

"அண்ணா, அந்த மூணு நாளும் மழை. நான் நோட்டுல பார்த்துட்டு வந்தேன். எங்க கொட்டகைல கிழக்குப் பக்கம் ரெண்டு தகடு போய் வருஷம் ஒண்ணாச்சு. சாரல் அப்படியே சாக்கு மேலதான் அடிக்குது. நீங்க மத்தியானம் வண்டி விட்டாலும் நனைஞ்ச இலையைத்தான் ஏத்திட்டுப் போவீங்க."

கோத்தகிரியில் ஐப்பசி மழை கிழக்கிலிருந்துதான் வரும். இது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என் அட்டவணைக்குத் தெரியாது. அந்த 50 கிலோவைக் கணக்கிலிருந்து எடுத்தால் மிஞ்சுவது 70 கிலோ, அதாவது 1,400 ரூபாய். செலவோ 1,500. இரண்டாவது கேள்விக்கு இன்னொருவர், மதிய நேரத்தில் சாக்கு ஏற்றப் பறிக்கிறவர்களை இறக்கினால் அவர்கள் கூலி யார் கணக்கு என்று கேட்டார். அதை நாங்கள் சேர்க்கவே இல்லை. 300 என்று எண் சொன்னவர் "அப்ப மிச்சமே இல்லையே" என்று சிரித்தார்.

ஸ்லைடு 12-ஐ அன்று போடவே இல்லை. நடை விஷயத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு தகட்டுக்கும் ஆணிக்கும் கூலிக்கும் எவ்வளவு ஆகும் என்று விசாரிக்க ஆள் அனுப்பினோம். அடுத்த குறிப்பில் முதல் கேள்வி ஏற்கெனவே எழுதிவிட்டேன்: "தகடு மாற்றிய பிறகு வந்த மழை நாட்கள், ஸ்லைடு 4. மேல் கொட்டகையில் இன்னும் நிற்கும் கழிவு எதனால்?"